ஏழு நாள் கேள்வியும் பதினைந்து நாள் கடலும்

‘கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா?’ இந்தியாவில் வேலைவாய்ப்பைக் கணக்கிடும் முறைகளில் ஒன்று இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. நடப்பு வார நிலை என்று அதற்குப் பெயர். ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் நீங்கள் வேலையில் இருப்பவர். 2025 முதல் மாதந்தோறும் வெளியாகும் வேலைவாய்ப்பு விவரங்களும் இந்த அளவுகோலில்தான் வருகின்றன. ஆராய்ச்சி மாணவர்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் தங்கள் சிறிய ஆய்வுகளுக்கும் இதே கேள்வியை எடுத்துக்கொள்கிறார்கள். எங்கும் கேட்கிற கேள்வி, எல்லோருடனும் ஒப்பிடலாம் என்பதுதான் காரணம்.

இதை ராமநாதபுரம் கடற்கரையில், பாம்பன், மண்டபம் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். பண்பாடு விட்டுப் பண்பாடு ஆராய்கிறவர்கள் எடிக், எமிக் என்று இரண்டு சொற்களை அடிக்கடி பயன்படுத்துவார்கள். அவற்றின் பொருள் இந்த ஒரு கேள்வியிலேயே ஏறக்குறைய முழுதாகக் கிடைத்துவிடுகிறது.

முதலில் அந்தச் சொற்கள். 1954-இல் கென்னத் பைக் என்ற அமெரிக்க மொழியியலாளர் உருவாக்கியவை இவை. மொழியியலில் ஒலியை இரண்டு விதமாக ஆராய்வார்கள். வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது, எப்படி அதிர்கிறது என்று எந்த மொழிக்கும் பொருந்துகிற மாதிரி அளப்பது ஒன்று. அந்த மொழி பேசுகிறவர் காதுக்கு எது தனி ஒலி, எது தனி இல்லை என்று பார்ப்பது மற்றொன்று. ‘கல்’லில் வரும் ககரமும் ‘தங்க’த்தில் வரும் ககரமும் கருவியில் வேறுவேறாகப் பதியும்; நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. பைக் இந்தப் பிரிவை ஒலியிலிருந்து மனித நடத்தை முழுவதற்கும் விரித்தார். வெளியிலிருந்து கொண்டுவந்த, எங்கும் பொருந்தும் என்று கருதப்படுகிற அளவுகோல் எடிக். உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் பாகுபாடு எமிக்.

1969-இல் ஜான் பெர்ரி என்ற உளவியலாளர் இதை ஆய்வுமுறையாக வளர்த்தார். வெளியிலிருந்து வருகிறவர் கையில் ஏதாவது ஓர் அளவுகோல் இல்லாமல் தொடங்கவே முடியாது. அந்த அளவுகோல் அவர் சொந்தப் பண்பாட்டில் பிறந்தது. அதை எங்கும் செல்லும் என்று எடுத்துக்கொண்டு போகிறார். பெர்ரி இதைத் திணிக்கப்பட்ட எடிக் என்றார். அங்கே போய் உள்ளூர் எமிக்கைக் கற்று, இரண்டு இடங்களுக்கும் உண்மையிலேயே பொதுவாக இருப்பதை மட்டும் பிரித்தெடுத்தால் கிடைப்பது வருவித்த எடிக். பெர்ரி திணிப்பைப் பாவம் என்று சொல்லவில்லை, தொடக்கம் என்றே சொன்னார். பெரும்பாலான ஆய்வுகள் அந்தத் தொடக்கத்திலேயே நின்றுவிடுவதுதான் சிக்கல்.

சரி, ஏழு நாள் என்பது யாருடைய எமிக்? அதற்கும் ஓர் ஊர் உண்டு. அமெரிக்கக் கணக்கெடுப்பில் முன்பெல்லாம் ஒருவருடைய வழக்கமான தொழில் என்ன என்றுதான் கேட்டார்கள். 1930-களின் பெருமந்தத்தில் அது போதவில்லை. ‘நான் தச்சர்’ என்று ஒருவர் சொன்னால் அவர் கையில் இன்று வேலை இருக்கிறதா என்பது அதில் தெரியாது. அதனால் 1940 கணக்கெடுப்பில் மார்ச் 24 முதல் 30 வரையிலான ஒரு வாரத்தை எடுத்து, அந்த வாரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். வாரக்கூலி வாங்குகிற, ஆலையும் அலுவலகமும் நிறைந்த நாட்டுக்கு அது நல்ல கேள்வி. வேலை இருந்தால் வாராவாரம் ஒரே மாதிரி இருக்கும், போனால் முழுதாகப் போகும் என்ற வாழ்க்கை அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. பிறகு அது உலக அளவுகோல் ஆனது.

இனி பாம்பன் பக்கம். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைத் திட்டுகளில் பெண்கள் மூழ்கிப் பாசி எடுப்பது பல பத்தாண்டுகளாக நடக்கிற தொழில். பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருட்களான அகருக்கு மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும், ஆல்ஜினேட்டுக்குக் கட்டக்கோரையும் போகின்றன. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, பாறை கிழிக்காமல் காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மேலே ஆண்கள் சட்டை, இடுப்பில் பை. 1986-இல் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு வனத்துறையோடு இழுபறியும் உண்டு.

இவர்கள் தினமும் கடலுக்குப் போவதில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள் என்று தங்களுக்குள் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். அந்த நாட்களில்தான் கடல் நன்றாக வற்றும். அந்தப் பகுதியில் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் மூச்சடக்கி மூழ்குகிறவருக்கு அரை மீட்டர் பெரிய வித்தியாசம். மீதி நாட்களில் பாசி மறுபடி வளரவும் இடம் கிடைக்கிறது.

இந்தத் தாளத்தை எளிமையாக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று, அதில் தொடர்ந்து ஆறு நாள் கடல், ஒன்பது நாள் கரை என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாள் கேள்வியை இதன் மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். அந்த ஏழு நாள் தொடங்கக்கூடிய இடங்கள் பதினைந்து. அவற்றில் மூன்று இடங்களில் விடை ‘ஒரு நாள்கூடப் போகவில்லை’. இரண்டு இடங்களில் விடை ‘ஆறு நாள்’. மீதிப் பத்து இடங்களில் ஒன்று முதல் ஐந்து வரை, ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஒரே பெண், ஒரே உழைப்பு. நாம் எந்தத் தேதியில் போய்க் கதவைத் தட்டினோம் என்பதைப் பொறுத்து அவர் சும்மா இருப்பவராகவும் வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓய்வெடுப்பவராகவும் மாறுகிறார்.

சராசரி எடுத்தால் வாரத்துக்கு 2.8 நாள் வரும், அது சரியான எண்தான். தேசிய அளவில் ஆண்டு முழுக்கப் பரவலாகக் கேட்டால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். புள்ளியியல் படித்தவர்கள் இதைச் சொல்லி நிம்மதியாவார்கள். ஆனால் சின்ன ஆய்வுகள் அப்படி நடப்பதில்லை. ஒரு குழு ஜீப்பில் வந்து, நான்கைந்து நாள் ஊரில் தங்கி, நூறு பேரிடம் கேட்டுவிட்டுப் போகும். நூறு பேரும் ஒரே நிலாவைப் பார்த்து வேலை செய்கிறவர்கள். ஆகவே நூறு பேருக்கும் ஒரே பக்கமாகத் தப்பு விழும். ஆட்களை இருநூறாக்கினாலும் அது குறையாது. அஷ்டமி கழித்து வந்த குழு இந்த ஊரில் பெண்களுக்கு வேலையே இல்லை என்று எழுதும். அடுத்த ஆண்டு அமாவாசைக்குப் பிறகு வந்த குழு திட்டம் பலன் தந்துவிட்டது, வேலை நாட்கள் பல மடங்கு பெருகிவிட்டன என்று எழுதும். இரண்டு குழுவும் பொய் சொல்லவில்லை. கணக்கும் சரியாகவே போட்டிருப்பார்கள்.

மொழிபெயர்ப்பைத் திருத்தினாலும் இது சரியாகாது. பொதுவாக இந்த மாதிரி ஆய்வுகளில், கேள்வியைத் தமிழாக்கி, வேறொருவரை விட்டுத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்துப்போனால் கருவி தயார் என்பார்கள். ஏழு நாள் கேள்வி அந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும். அதில் ஒரு சொல்கூடப் புரியாத சொல் இல்லை. தவறு அதற்குக் கீழே, காலத்தை எந்தத் துண்டுகளாக வெட்டுவது என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே திரும்பி மொழிபெயர்ப்பது எட்டாது.

கேட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும். பேட்டி இப்படிப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“போன ஏழு நாள்ல எத்தனை நாள் வேலைக்குப் போனீங்கக்கா?”

“இப்ப தண்ணி வத்தலையே தம்பி.”

“அப்ப பூஜ்யம்னு போட்டுக்கவா?”

“ஏன் பூஜ்யம்? அமாவாசைக்கு எடுத்தது இன்னும் காய்ஞ்சிக்கிட்டுல்ல கிடக்கு.”

அனுபவமுள்ள கள ஆய்வாளருக்கு இது மணி அடிக்கிற இடம். விடை தெரிந்தவர், கேள்வியின் சொற்களும் புரிந்தவர், ஆனாலும் கட்டத்துக்குள் விடை சொல்ல மறுக்கிறார். ஒருவர் இப்படிச் சொன்னால் பழக்கம். ஊரில் பாதிப் பேர் சொன்னால் கட்டம் தப்பு. அதனால்தான் கேள்வித்தாளை இறுதி செய்வதற்கு முன் பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டு, ‘இந்த விடைக்கு எப்படி வந்தீர்கள், எதிலிருந்து எண்ணினீர்கள்?’ என்று ஒவ்வொருவரிடமும் திரும்பக் கேட்க வேண்டும். விரல் மடக்கி ஞாயிறு, திங்கள் என்று எண்ணினால் வாரம் அவருக்குள் இருக்கிறது. ‘அமாவாசை கழிச்சு…’ என்று தொடங்கினால் இல்லை. இன்னொரு வழி, அதே ஆட்களிடம் எட்டு நாள் கழித்து அதே கேள்வியைக் கேட்பது. விடைகள் ஊர் முழுக்க ஒரே திசையில் புரண்டால், நீங்கள் அளந்தது நிலாவை.

அந்த அக்கா சொன்ன இரண்டாவது விஷயமும் முக்கியம். காயவைப்பது, மண்ணும் சிப்பியும் பொறுக்கி எறிவது, மழை வந்தால் மூடுவது, வியாபாரியிடம் எடை போடுவது எல்லாம் கரை நாட்களில்தான். அளவுகோலின் விதிப்படியே பார்த்தால் விற்பனைக்கான பாசியைக் காயவைக்கும் ஒரு மணி நேரமும் வேலையே. ஆனால் அது வாசலில், சோற்றுப் பானைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் நடப்பதால் கேட்கிறவர் அதைத் துருவிக் கேட்பதில்லை. இந்தியக் கணக்கெடுப்புகளில் வீட்டு வேலை மட்டும் செய்கிறவருக்கு 92, வீட்டு வேலையோடு வீட்டுத் தேவைக்கு இலவசமாகப் பொருள் சேகரிக்கிறவருக்கு 93 என்று குறியீடு உண்டு. இரண்டுமே உழைப்பாளர் கணக்குக்கு வெளியே. கடலில் பாசி ‘பொறுக்கி’ வருகிறவர் என்று எழுதுகிறவர் மனதில் பதிந்துவிட்டால் 93 கைக்கு வெகு சுலபமாக வந்துவிடும்.

அதே வீட்டில் இருக்கும் ஆண் விசைப்படகுக்குப் போகிறவர் என்றால் கதை வேறு. ராமேசுவரம் பக்கத்துப் பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மீதி நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். வாரத்தையே அளவாக வைத்த ஏற்பாடு என்பதால் ஏழு நாள் கேள்வி அவரிடம் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்கிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தைத் தவிர. ஒரே கூரைக்குக் கீழே ஒருவருக்குப் பொருந்துகிற அளவுகோல் மற்றவருக்குப் பொருந்தவில்லை. மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரித்து, மேற்கத்தியக் கருத்து எல்லாம் இங்கே செல்லாது என்று முழங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திணிப்பு நாட்டுக்கு நாடு நடப்பதைப் போலவே வீட்டுக்குள்ளும் நடக்கிறது.

இங்கே எமிக் பற்றியும் ஒரு எச்சரிக்கை. உள்ளூர்க்காரர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டால் எமிக் வந்துவிட்டது என்று நினைப்பது வசதியான சோம்பல். யார் சொன்னது? கணக்கெடுப்பில் ஒருவரே வீட்டிலுள்ள எல்லோருக்கும் விடை சொல்வது நடக்கிற ஒன்று. வாசலில் நிற்கிற ஆண், ‘அவ வீட்லதான் இருக்கா’ என்பார். அதுவும் உள்ளூர்ப் பார்வையே. வியாபாரிக்கு இந்தப் பெண்கள் முன்பணம் வாங்கிய கணக்கு, வனத்துறைக்கு எல்லை தாண்டுகிறவர்கள், தங்களுக்குள் கடல்காரிகள். நான்கும் எமிக்தான். ஆய்வாளர் எதைத் தேர்ந்தார் என்று எழுதாமல் ‘மக்கள் கருத்து’ என்று போட்டால், திணிப்பு இந்த முறை உள்ளூர் ஆள் ஒருவர் கையால் நடந்திருக்கிறது.

சொல்வதும் செய்வதும் வேறாக இருக்கலாம் என்பது இன்னொன்று. பைக்கோடு நீண்ட காலம் வாதிட்ட மானுடவியலாளர் மார்வின் ஹாரிஸ் இதற்கு நம் பக்கத்து மாநிலத்தையே காட்டினார். திருவனந்தபுரம் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டபோது கன்றை யாரும் கொல்வதில்லை, பட்டினி போடுவதும் இல்லை என்றார்கள். ஆனால் காளைக்கன்றுகள் இறப்பது கிடேரிக்கன்றுகளைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக இருந்தது. உழவு மாட்டுக்குத் தேவை குறைவான அந்த ஊரில் காளைக்கன்றுகள் கவனிப்பில்லாமல் போயின என்பது ஹாரிஸின் விளக்கம். விவசாயிகள் பொய் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேட்டு அறிய முடியாததை எண்ணித்தான் அறிய வேண்டும் என்றார். நம் கதையிலும் அப்படியே. மாதம் பன்னிரண்டு நாள் என்பது ஊர் வைத்த வரம்பு. அந்த வரம்பு எவ்வளவு நிற்கிறது என்பது தனிக் கேள்வி. கரையில் நின்று படகு எண்ண வேண்டும், வியாபாரியின் எடைச் சீட்டைப் பார்க்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் வைத்த வீடு பதினான்காவது நாளும் இறங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கடல்வளப் பாதுகாப்புக்கு இலக்கணமான ஊர் என்று கட்டுரை எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

சரி, ஒப்பிடுவதையே விட்டுவிடலாமா? ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு உலகம் என்று முடித்துக்கொண்டால் பாசிக்காரப் பெண்களுக்கு நிவாரணமோ அடையாள அட்டையோ கேட்க எண்ணே இருக்காது. பெர்ரியின் மூன்றாவது படியான வருவித்த எடிக் இதற்குத்தான். தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்ற பெண்கள் மூச்சடக்கி மூழ்கி நத்தை, சிப்பி எடுக்கிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வழக்கம். அவர்கள் ஆண்டில் ஏறத்தாழ 90 நாள், ஒரு நாளில் ஏழு மணி நேரம் வரை மூழ்குவதாக யுனெஸ்கோ குறிப்பு சொல்கிறது. அவர்களையும் நம்மவர்களையும் வாரக் கேள்வியால் ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் குப்பை விழும். ஒரு நீர்ச் சுற்றுக்கு எத்தனை கடல் நாள், ஒரு கடல் நாளுக்கு எத்தனை கரை நாள் என்று கேட்டால் இரண்டு ஊரிலும் விடை வரும். இந்த அளவுகோல் இரண்டு கடற்கரைகளின் சொந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. ஆனால் சூரத்தின் நெசவாலைக்கு இதைக் கொண்டுபோனால் அங்கே இது திணிப்பு.

இந்தியாவுக்கு இந்தச் சிந்தனை புதிதும் இல்லை. வேலையின்மைக் கணக்கை ஆராய 1968-இல் திட்டக்குழு அமைத்த நிபுணர் குழு, எம். எல். தாந்த்வாலா தலைமையில் 1970-இல் அறிக்கை தந்தது. குடும்பத் தொழிலும் பருவ வேலையும் கலந்த நாட்டில் உழைப்பையும் வேலையின்மையையும் ஒரே எண்ணுக்குள் அடக்க முடியாது என்பது அதன் சாரம். அதன் பிறகுதான் 1972-73 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து ஆண்டு முழுவதையும் பார்க்கும் வழக்க நிலை, வார நிலை, அரை நாள் அரை நாளாக எண்ணும் தினசரி நிலை என்று பல அளவுகள் பக்கத்துப் பக்கமாக வந்தன. வேகம் வேண்டும் என்று வாரத்தை மட்டும் முன்னால் தள்ளும்போது, இந்த வேலைப்பாட்டில் பாதி நம் கையைவிட்டு நழுவுகிறது என்பது என் எண்ணம்.

ஆகவே மண்டபம் பக்கம் போகிற ஆய்வுக்கு நான் வைக்கும் ஏற்பாடு பெரியதல்ல. ஏழு நாள் கேள்வியும் இருக்கட்டும், மற்ற எண்களோடு ஒப்பிட அது வேண்டும். அதன் பக்கத்தில் ‘போன அமாவாசையிலிருந்து இந்தப் பௌர்ணமி வரை’ என்று ஒரு கேள்வி, கரை வேலைக்கு ஒரு கேள்வி, விடை சொல்பவர் யார் என்று ஒரு கட்டம். கேள்வித்தாளின் மேல் ஓரத்தில் அன்றைய திதி. அதற்குச் செலவு எதுவும் இல்லை, நாட்காட்டியைப் பார்த்தால் போதும். பிறகு கணக்குப் போடும்போது திதியோடு வேலை நாட்கள் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துவிடலாம்.

இதுவும் நிலையாக நிற்காது. 2000 வாக்கில் இருந்து இந்தக் கடற்கரையில் மூங்கில் தெப்பத்தில் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியைக் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்கள். நட்டு 45 நாளில் அறுவடை. தெப்பம் வைத்திருக்கும் பெண் நிலாவைப் பார்த்து இறங்க வேண்டியதில்லை. தினமும் போய்க் கயிற்றைப் பார்க்க வேண்டும், ஒட்டிய குப்பையை உதற வேண்டும், காற்று பலத்தால் தெப்பத்தைக் கரைப்பக்கம் இழுக்க வேண்டும். அவரிடம் திதிக் கேள்வி ஒன்றையும் சொல்லாது. ஏழு நாள் கேள்வி மீண்டும் நன்றாகவே பொருந்தும். ஆனால் பணம் வருவது 45 நாளுக்கு ஒரு தடவை என்பதால் வருமானக் கேள்வியை வாரத்தில் வைக்க முடியாது. தெப்பமும் வைத்து, அமாவாசைக்குத் தீவுப் பக்கமும் போகிறவருக்கு இரண்டு காலக்கணக்கும் ஒன்றாக ஓடும். அவருக்கான கேள்வியை அவரோடு உட்கார்ந்துதான் புதிதாக எழுத வேண்டும்.